பின்பக்கத்துப் படம்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, உடப்புசல்லாவைப் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான கீழ் லயத்தின் மூன்றாம் காம்பராவிலும் நான்காம் காம்பராவிலும் ஒரே சமயத்தில் போன் கிணுகிணுக்கும். மூன்றாம் காம்பரா நிலக்ஷி வீடு. நான்காவது நாகலெட்சுமி வீடு. இரண்டு போனிலும் ஒரே எழுத்துத்தான் வரும்:

"படமும் பத்திரமும் மேல ஏறியிருக்கான்னு பாரு. எடம் நெறஞ்சிருந்தா வேண்டாதத அழி. ஒரு படம், ஒரு பத்திரம் திரும்ப எறக்கித் தொறந்து பாரு. பாத்த பொறகு முடிஞ்சதுன்னு அமுக்கு."

எழுதி வைத்தவன் நிலக்ஷியின் அண்ணன் நிரஞ்சன். கொழும்பில் புறக்கோட்டைப் பக்கம் ஒரு போன் கடையில் வேலை. போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது அம்மாவின் போனில் இதைப் போட்டுவிட்டுப் போனான். அது அடுத்த வீட்டிலும் ஏன் அடிக்கிறது என்பதற்கு ஒரு கதை உண்டு. கொரோனாக் காலத்தில், பிள்ளைகளுக்குப் போனில்தான் படிப்பு என்றானபோது, நிலக்ஷியின் அம்மா ராக்காயியும் நாகலெட்சுமியும் ஒரே நாளில், ஒரே கடையில் ஆளுக்கொரு போன் வாங்கினார்கள். போனுக்கு ஒரு கணக்குத் திறக்க வேண்டும் என்றான் கடைக்காரன். இரண்டு கணக்குத் திறக்க அவனுக்குச் சோம்பல். ஒரே லயம்தானே, ஒரே கணக்குப் போதும் என்று இரண்டு போனுக்கும் ஒன்றையே போட்டுக் கொடுத்துவிட்டான். அன்றிலிருந்து ராக்காயி வீட்டில் எடுத்த படம் நாகலெட்சுமி போனில் தெரியும், அங்கே எடுத்தது இங்கே தெரியும். வேறு ஊர்க்காரர்கள் என்றால் முகம் சுளித்திருப்பார்கள். ஒரே பீலியில் தண்ணீர் பிடித்து, சுவருக்கு மேலே ஒரே கூரையைப் பகிர்ந்து, அடுத்த வீட்டுக் குழம்பில் உப்புக் கூடினால்கூடத் தெரிந்துகொள்ளும் ஆட்களுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. நாகலெட்சுமியின் மகள் பெரியவளான படங்களை ராக்காயி தன் போனிலேயே பார்த்து, பந்தலில் குலைவாழை சாய்ந்திருந்ததைக்கூடச் சொல்லிக் காட்டினாள்.

நிலக்ஷிக்கு வயது இருபது. ஓ.எல். பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டாள். வீட்டு வேலையும் காய்கறிப் பாத்தியும் அவள் பொறுப்பு, போனும் அவள் பொறுப்பு. ராக்காயி தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள்.

மணி அடித்ததும் நிலக்ஷி என்ன செய்வாள் என்றால், படங்கள் இருக்கிற இடத்தைத் திறப்பாள். மேலே மேகம் மாதிரி ஒரு சின்னப் படமும் அதில் ஒரு சரி அடையாளமும் தெரியும். அவ்வளவுதான். "முடிந்தது" என்று அமுக்கிவிடுவாள். திரும்ப இறக்கிப் பார்ப்பது என்றால் சிக்னல் வேண்டும். சிக்னல் வேண்டுமென்றால் லயத்துக்குப் பின்னாலுள்ள கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறினால் வழியில் நிற்கிற ஒவ்வொருவரும் எங்கே போகிறாய், யாருக்குப் போன் பேசப் போகிறாய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவள் ஒரு தடவையும் ஏறவில்லை. அண்ணன் கேட்டால் பார்த்தேன் என்பாள். அம்மா கேட்டாலும் அதே பதில்.

போன் சின்னது. எப்போதும் நிறைந்து வழியும். அதனால் மேலே ஏறிய படங்களைப் போனிலிருந்து எடுத்துவிட்டு இடம் பண்ணும் வசதியை அவள் அடிக்கடி பயன்படுத்துவாள். மேலேதான் இருக்கிறதே, கீழே எதற்கு என்ற தைரியம்.

ஜூலை மாதம் முதல் சனிக்கிழமை பெரட்டுக்களத்தில், காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும்போது, மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஓர் அறிவித்தல் சொன்னார். தோட்டக் காணியில் மரக்கறி போடுகிற எல்லாரும், தோட்டத்தை முன்பு நிர்வகித்த பெரிய துரை எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டை வியாழக்கிழமைக்குள் ஆபீசில் காட்ட வேண்டும். காட்டாதவர்களின் பாத்தி தோட்டத்துக்குத் திரும்பப் போகும். புதுத் துரை புதுக் கன்று நடப் போகிறார்.

ராக்காயியின் பாத்தி ஆற்றுக்கு மேலே சரிவில் படிப்படியாக வெட்டிய ஐந்து தட்டு. கீழே மூன்று தட்டில் கரட்டும் பீட்ரூட்டும். மேலே இரண்டு தட்டில் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ். புருஷன் செத்த வருஷம், முன்பிருந்த பெரிய துரை இரக்கப்பட்டுத் தன் கையால் எழுதிக் கொடுத்த காணி அது. முன்பக்கத்தில் ராக்காயியின் பெயரும் நம்பரும், தோட்டத்து முத்திரையும். பின்பக்கத்தில் எங்கிருந்து எதுவரை, எத்தனை அடி, கடைசியில் கையெழுத்து. அந்தத் துரை வெளிநாட்டுக்குப் போய் வருஷமாகிறது. துண்டு பெட்டிக்குள் இருந்தது. கூரை ஒழுகிப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிய மழையில் அது ஊறிக் கஞ்சியாகிவிட்டது. நல்ல வேளையாக அதற்கு முந்திய பொங்கலுக்கு நிரஞ்சன் அதை முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்திருந்தான். அதனால் பெட்டியைத் திறந்து தலையில் அடித்துக்கொண்ட அன்றும் ராக்காயி பெரிதாகக் கலங்கவில்லை.

"போன்ல இருக்குல்ல புள்ள? மாசா மாசம் பாக்குற தானே?" என்று அன்று கேட்டாள்.

"இருக்கும்மா" என்றாள் நிலக்ஷி.

மறுநாள் ஞாயிறு. பத்து மணிக்கு மணி அடித்தபோது ராக்காயி பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் துண்டை எடுத்துக் காட்டு, நாளைக்கு டவுனில் அச்சடித்து வாங்கிவிடலாம் என்றாள். நிலக்ஷி படங்களைப் புரட்டினாள். பொங்கல் படங்கள் வந்தன. அண்ணன் பானையோடு நிற்கிறான், அம்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். அதற்கு அடுத்து துண்டு இருக்க வேண்டும். அடுத்து இருந்தது யார் வீட்டு ஆடோ.

சிக்னல் இல்லாததால் வரவில்லை போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் போனை எடுத்துக்கொண்டு கோயில் மேட்டுக்கு ஏறினாள். எங்கே போகிறாய் என்று இரண்டு பேர் கேட்டதுகூடக் காதில் விழவில்லை. மேட்டில் சிக்னல் வந்தது. படங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. பானை தெளிந்தது, ஆடு தெளிந்தது. துண்டு வரவில்லை. கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே மூன்று முறை தேடினாள். ஒரு தடவை போன் நழுவிக் கல்லில் விழுந்தது.

அண்ணனுக்கு எடுத்தாள். அவன் கடையில் இருந்தான். பின்னால் பாட்டுச் சத்தம். விஷயத்தைக் கேட்டதும் அவன் குரல் மாறியது.

"மேகத்துல சரி போட்டிருக்குங்கறது ஏறிடுச்சுன்னு மட்டுந்தான்டி சொல்லும். பொறகு யாராச்சும் அழிச்சா அது எப்பிடிச் சொல்லும்? அதுக்குத்தானே எறக்கிப் பாக்கச் சொன்னேன். ஜூன் மாசம் பாத்தியா இல்லியா?"

இந்த இடத்தில்தான் நிலக்ஷி அந்தப் பொய்யைச் சொன்னாள். யோசித்துச் சொல்லவில்லை. வழக்கமான பதில் வழக்கம்போல வாயில் வந்தது. பார்த்தேன் என்றாள். துண்டு இருந்ததா என்று கேட்டான். இருந்தது என்றாள். ரெண்டு பக்கமுமா? ரெண்டு பக்கமும்.

அப்படியென்றால் பயமில்லை என்றான் நிரஞ்சன். மூச்சு விட்டுச் சிரித்தான்கூட. அழித்த படம் அறுபது நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும், ஜூன் மாதம் இருந்ததென்றால் இன்னும் அறுபது நாள் ஆகவில்லை, கட்டாயம் அங்கே இருக்கும், போய்த் திறந்து பார் என்றான். எப்படிப் போவது என்று படிப்படியாகச் சொன்னான்.

குப்பைத்தொட்டியில் படங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் இன்னும் எத்தனை நாள் என்று எழுதியிருந்தது. துண்டின் முன்பக்கம் இருந்தது. அதன் மேல் "3 நாள்" என்று இருந்தது. பின்பக்கம் இல்லை.

முன்பக்கத்தை மீட்டு, போனுக்கு இறக்கி, திறந்து பார்த்தாள். அம்மாவின் பெயர் நன்றாகத் தெரிந்தது. முத்திரை தெரிந்தது. அடியில் ஒரு வரி: "அளவு பின்பக்கம்."

மூன்று நாள் என்றதைக் கேட்டதும் நிரஞ்சன் குழம்பிப்போனான். மூன்று நாள் மிச்சம் என்றால் மே மாதமே அழித்திருக்க வேண்டும், நீ ஜூன் மாதம் பார்த்தேன் என்கிறாயே என்றான். அவள் பேசாததைச் சிக்னல் போனதாக நினைத்து அவன் கத்தினான். பிறகு அவனே ஒரு முடிவுக்கு வந்தான். போனில் தேதி தப்பாக இருக்கும், பின்பக்கத்தை யாரோ குப்பையிலிருந்தும் வேண்டுமென்றே அழித்திருக்கிறார்கள், அந்தக் கணக்குக்குள் வேறு யார் வர முடியும், பக்கத்து வீட்டில் கேள் என்றான்.

அவன் இதையெல்லாம் அம்மாவுக்கும் எடுத்துச் சொல்லிவிட்டான். நிலக்ஷி மேட்டிலிருந்து இறங்கி வருவதற்குள், கொஞ்சம் சிக்னல் எட்டுகிற பக்கத்து லயத்துப் பிள்ளையின் போனில் ராக்காயியைப் பிடித்துவிட்டான். அவள் வந்தபோது அம்மா நாகலெட்சுமி வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் நின்றுகொண்டிருந்தாள். குரல் லயத்தின் கடைசிக் காம்பரா வரை கேட்டது.

நாகலெட்சுமிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. படம் அழித்ததுண்டா என்று கேட்டதற்கு, ஆமாம், அழித்தேன் என்று ஒளிக்காமல் சொன்னாள். மே மாதம் மணி அடித்தது. இடம் நிறைந்திருந்தால் வேண்டாததை அழி என்று போன் சொன்னது. நிறைந்துதான் இருந்தது, மகளின் படம் ஒன்றும் ஏற மாட்டேன் என்றது. அதனால் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அழித்தாள். பாதியில் மழை வந்தது, உலர்த்திய துணியை எடுக்க ஓடிவிட்டாள். மிச்சத்தை அடுத்த சனிக்கிழமை விட்ட இடத்திலிருந்து தொடங்கி அழித்தாள்.

"ஒங்க படத்தத் தொட்டேன்னா என் கை அழுகிப் போகட்டும்க்கா. என் போன்ல இருந்த கண்ட கண்ட கடுதாசியத்தான் அழிச்சேன். ஒங்க போன்ல இருக்கும்னுதானே நெனச்சேன்."

"மே மாசமாம். எம்புள்ள ஜூன் மாசம் கண்ணால பாத்திருக்கு, ரெண்டு பக்கமும். பொய் சொல்ல ஒனக்கு வாய் கூசல? மேல் தட்டு மேல ஒனக்கு எப்பவும் கண்ணுதான்."

"எனக்கென்னக்கா ஒங்க தட்டு? எங்களுக்கே இருக்கு. போன் சொன்னதக் கேட்டது ஒரு குத்தமா?"

"அடுத்தவ சொத்த அழிக்கச் சொல்லி எந்தப் போன்டி சொல்லும்?"

நிலக்ஷி தன் வீட்டு வாசற்படியில் நின்று இதைக் கேட்டாள். நாகலெட்சுமி சொன்னதெல்லாம் சரியாகப் பொருந்துவது அவளுக்கு மட்டும் தெரிந்தது. முதல் ஞாயிறு அழித்தது பின்பக்கம். புதுப் படத்திலிருந்து பழைய படத்துக்குப் போகும்போது அதுதான் முதலில் வரும். அதற்கு அறுபது நாள் போன வியாழக்கிழமையே முடிந்துவிட்டது. அடுத்த சனிக்கிழமை அழித்தது முன்பக்கம். அதற்குத்தான் மூன்று நாள் மிச்சம். ஜூன் மாதம் முதல் ஞாயிறு அவள் மேட்டுக்கு ஒரு தடவை ஏறியிருந்தால் இரண்டு பக்கமும் கையில் இருந்திருக்கும். இந்த மணி இரண்டு பேருக்கு அடித்தது. சொன்னபடி ஏதோ கொஞ்சமாவது செய்தவள் நாகலெட்சுமி.

சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். நாகலெட்சுமி அவளைப் பார்த்து, "நீயாச்சும் சொல்லு புள்ள" என்றாள். நிலக்ஷி உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை டவுனில் முன்பக்கத்தை அச்சடித்தார்கள். அங்கிருந்த பையனிடம் பின்பக்கத்தையும் எடுத்துத் தர முடியுமா என்று ராக்காயி கேட்டாள். அவன் இல்லாத படத்தை எப்படியம்மா எடுப்பது என்றான். அந்தக் கேள்விக்கு அவள் எரிந்து விழுந்தாள். செவ்வாய், புதன் இரண்டு நாளும் பீலியடியில் நாகலெட்சுமி வந்தால் ராக்காயி குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினாள். நிலக்ஷி இரண்டு தடவை போனின் அதே இடத்தைத் திறந்து பார்த்தாள். பார்த்தால் வந்துவிடப் போகிறதா. ஆனாலும் பார்த்தாள்.

வியாழக்கிழமை ஆபீஸ் வாசலில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். நாகலெட்சுமி தன் துண்டைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்துக்கொண்டு அவர்களுக்கு மூன்று ஆள் பின்னால் நின்றாள். மேசையில் கிளாக்கர் யோகேஸ்வரன் இருந்தார். பழைய கோப்புகளெல்லாம் கம்பனித் தலைமை ஆபீசுக்குப் போய்விட்டன, அங்கிருந்து வர மாதக் கணக்காகும், அதனால்தான் துண்டைக் கேட்கிறோம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்திருந்தது.

ராக்காயி நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தார். பேர் சரி, முத்திரை சரி என்றார். தாளைத் திருப்பினார். வெள்ளை.

"அளவு எங்கம்மா?"

போனில் அழிந்துபோன கதையை ராக்காயி சொல்லத் தொடங்கினாள். கிளாக்கர் கையைக் காட்டி நிறுத்தினார். அளவு இல்லாவிட்டால் கம்பனிச் சட்டப்படி மூன்று தட்டுத்தான் எழுத முடியும், மேலே உள்ளது போகும் என்றார். பிறகு குரலைத் தணித்து, அளந்து கொடுத்த நாளில் கூட நின்றவர்கள் யாராவது இருந்தால் சாட்சி எழுதலாம், துரை பார்த்து முடிவு செய்வார் என்றார்.

"யாரும் இல்லீங்க" என்றாள் ராக்காயி. உடனே சொன்னாள், திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். அளந்த நாளில் கயிறு பிடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் நாகலெட்சுமியின் புருஷன் மாயாண்டி, அவர் இப்போது கொழும்பில். மற்றவள் நாகலெட்சுமி. அது அங்கே நின்ற பாதிப் பேருக்குத் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. சண்டை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கிளாக்கர் பேனாவை எடுத்து "மூன்று" என்று எழுதப் போனார்.

"சித்தி இருக்காங்க" என்றாள் நிலக்ஷி.

குரல் சரியாக வரவில்லை. கிளாக்கர் யார் என்று நிமிர்ந்து பார்த்தார். ராக்காயி மகளின் கையைக் கிள்ளினாள். நிலக்ஷி கையை இழுத்துக்கொண்டாள். முகமெல்லாம் சூடேறியது, கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனாலும் நிறுத்தவில்லை.

"நாகலெட்சுமி சித்திதான் கயிறு புடிச்சாங்க. அவங்க பொய் சொல்லல. மே மாசந்தான் அழிச்சாங்க. நான் ஜூன் மாசம் பாக்கவே இல்ல. ஒரு மாசமும் பாக்கல. சும்மா முடிஞ்சதுன்னு அமுக்கிட்டேன்."

ஜூனுக்கும் மேக்கும் காணிக்கும் என்ன சம்பந்தம் என்று கிளாக்கருக்கு விளங்கவில்லை. வரிசையில் யாரோ சிரித்தார்கள். ராக்காயிக்கு விளங்கியது. அவள் மகளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. வேறு யார் பிள்ளையையோ பார்ப்பது போலிருந்தது.

நாகலெட்சுமி வரிசையை விட்டு முன்னால் வந்தாள். ராக்காயியின் பக்கம் பார்க்கவில்லை. ஆற்றங்கரைப் பலாமரத்திலிருந்து மேலே பாறை வரை, குறுக்கே தண்ணீர் வடிகிற கான் வரை, அடிக்கணக்கு இவ்வளவு என்று மடமடவென்று சொன்னாள். கிளாக்கர் அதை அந்த வெள்ளைப் பக்கத்தில் எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள். பாறை எங்கே இருக்கிறது, சரிவிலா மட்டத்திலா என்று கேட்டார். நாகலெட்சுமி ஒரு நிமிஷம் யோசித்தாள். கடைசித் தட்டு பாதி சரிவுதான் என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் கண்டாக்கு வந்து முளை அடித்தார். நாலாவது தட்டுக் கிடைத்தது. ஐந்தாவது சரிவில் இருக்கிறது, பழைய துரை கையெழுத்துப் போட்ட அளவைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன், வாய்ச் சாட்சிக்கு அவ்வளவுதான் என்று புதுத் துரை சொல்லிவிட்டாராம். சரிவு என்று ஏன் சொன்னாய் என்று ராக்காயி நாகலெட்சுமியைக் கேட்கவில்லை. கேட்க முடியாது. உண்மையைச் சொல்லத்தானே அவள் சாட்சி நின்றது.

சனிக்கிழமைக்குள் ஐந்தாவது தட்டைக் காலி செய்ய வேண்டும். லீக்ஸ் விரல் மொத்தத்துக்குத்தான் வந்திருந்தது. இன்னும் ஆறு வாரம் நின்றால் கைப்பிடி மொத்தம் வரும். கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த ராக்காயி கூடையை இறக்காமலே மேலே ஏறிப் பிடுங்கத் தொடங்கினாள். நிலக்ஷி பக்கத்து வரிசையில் குனிந்தாள். கான் பக்கமிருந்து நாகலெட்சுமி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அவளும் ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வரிசையும் பாதிக்கு மேல் காலியாயின.

"ஆட்டுக் குட்டி படம் ஒண்ணு இருந்துச்சு" என்றாள் நாகலெட்சுமி. "அத அழிக்கலாமான்னு யோசிச்சேன். பாவமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

ராக்காயி நிமிர்ந்தாள். "ஆட்ட வெச்சிக்கிட்டு என் காணிய அழிச்சிருக்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்குப் பிறகு நாகலெட்சுமியைப் பார்த்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். பிறகு கையில் இருந்த லீக்ஸ் கட்டை மகளிடம் கொடுக்காமல், அவளைத் தாண்டி நாகலெட்சுமியிடம் நீட்டினாள். "கொழம்புக்கு வெச்சிக்க. இத எவன் வாங்கப் போறான்."

நிலக்ஷி அடுத்த செடியைப் பிடுங்கினாள். மண் உதிரவில்லை. வேரோடு ஒட்டிக்கொண்டிருந்ததைத் தரையில் அடித்து அடித்து உதிர்த்தாள்.